மருத்துவரை மலைக்க வைக்கும் நோயாளிகள்: பாலிண்ட் குழு எப்படி நடக்கிறது?

பாலிண்ட் குழு என்பது குடும்ப மருத்துவர்கள் சிலர் தவறாமல் கூடி, தங்களுக்கு மனச்சுமையாகிவிட்ட நோயாளிகளைப் பற்றிப் பேசும் சிறு கூட்டம். இன்ன நோய் என்று கண்டுபிடிப்பதும் மருந்தை மாற்றுவதும் அங்கே வேலையல்ல. அந்த மருத்துவருக்கும் அந்த நோயாளிக்கும் இடையில் நடப்பது என்ன என்பதே பேச்சு.

புடாபெஸ்டில் பிறந்த உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட், 1950 வாக்கில் லண்டனின் டாவிஸ்டாக் மருத்துவமனையில் இதைத் தொடங்கினார். பின்னாளில் அவர் மனைவியான ஈனிட், சமூகப் பணியாளர்களுக்கு நடத்திவந்த கலந்துரையாடல் முறை இதற்கு அடிப்படையாயிற்று. மருத்துவர் என்ற மனிதரே நோயாளி உட்கொள்ளும் ஒரு மருந்து என்பது பாலிண்டின் கருத்து. அந்த மருந்துக்கு அளவு என்ன, பக்கவிளைவு என்ன என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை என்பது அவருடைய குறை. இந்தக் குழுக்களில் கண்டதை அவர் 1957-இல் நூலாக வெளியிட்டார்.

குழுவில் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். வழிநடத்த ஒருவரோ இருவரோ. இருவர் என்றால், ஒருவர் குடும்ப மருத்துவராகவும் மற்றவர் உளவியல் பயிற்சி பெற்றவராகவும் இருப்பது நல்லது. ஒரு கூட்டம் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். "இன்று யார் மனதில் யார் இருக்கிறார்?" என்று வழிநடத்துபவர் கேட்க, ஒருவர் பேச முன்வருவார். கோப்பு எதுவும் கையில் இல்லை. நினைவில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். விட்டுப்போனதும் திரும்பத் திரும்பச் சொன்னதும்கூட இங்கே தகவல்தான். பிறகு, விவரம் தெளிவதற்காக மட்டும் சில கேள்விகள். அதன்பின் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளி அமர்ந்துகொள்வார். மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார், குறுக்கே பேசமாட்டார்.

ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்க்கலாம். ஓர் ஆங்கிலேய மருத்துவரிடம் 58 வயதுப் பெண் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். தலைசுற்றல், முதுகுவலி, படபடப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரு புதுத் தொல்லை. பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. மூன்று நிபுணர்களிடம் அனுப்பியாயிற்று. அன்றைய பட்டியலில் அவர் பெயரைப் பார்த்தாலே மருத்துவருக்கு அலுப்பு. அவர் யாருடன் வசிக்கிறார் என்று குழுவில் ஒருவர் கேட்கிறார். மருத்துவருக்குத் தெரியவில்லை.

அவர் பின்வாங்கி அமர்ந்ததும் ஒருவருக்கு அந்தப் பெண்மீது கோபம் வருகிறது. இன்னொருவர், "நான் அவராக இருந்தால், இந்த டாக்டர் என்னை எங்காவது தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைப்பேன்" என்கிறார். அதற்குள் இருவர் புதிய பரிசோதனைகளைச் சொல்லத் தொடங்க, வழிநடத்துபவர் இடைமறிக்கிறார்: "நாமும் இவரை வேறு எங்கோ அனுப்பத்தானே பார்க்கிறோம்?" சிகிச்சை அறையில் நடந்தது குழுவிலும் அப்படியே நடக்கிறது. இந்தப் பிரதிபலிப்பைக் கவனித்துச் சொல்வதுதான் வழிநடத்துபவரின் தலையாய திறமை. பல நிபுணர்கள் பார்த்தும் நோயாளிக்கு யாருமே பொறுப்பேற்காத நிலையைப் பாலிண்டும் தம் நூலில் விவரித்திருந்தார்.

மருத்துவர் மறுபடி பேச்சில் சேர்கிறார். கடைசியாக எழுதிய பரிந்துரைக் கடிதம் நோயாளிக்காக அல்ல, தன் அலுப்பைத் தீர்த்துக்கொள்ளத்தான் என்று அவருக்குப் படுகிறது. அடுத்த முறை வீட்டு நிலவரம் கேட்கிறார். தலைசுற்றல் நின்றுவிடவில்லை. ஆனால் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டால் முன்போல் மலைப்பதில்லை. இத்தனை சிறிய மாற்றத்தைத்தான் குழுவிடம் எதிர்பார்க்கலாம்.

வழிநடத்துவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சும்மா இருப்பதாகத் தோன்றும். நேரத்தைக் காப்பது, பேசியவரைக் குறுக்கு விசாரணையிலிருந்து காப்பது, மௌனத்தைப் பொறுப்பது, நோயாளியின் பக்கம் யாருமே பேசாதபோது அந்தப் பக்கம் பேச்சைத் திருப்புவது எல்லாம் அவர் பொறுப்பு. மருத்துவரின் குழந்தைப் பருவத்தையோ மணவாழ்க்கையையோ கிளறும் கேள்வி வந்தால் உடனே தடுக்க வேண்டும். இது மருத்துவருக்கான மனச்சிகிச்சை அல்ல. குழுவில் பேசியது வெளியே போகக் கூடாது என்பது முதல் நாளே செய்துகொள்ளும் உடன்பாடு.

குழு தடம் புரள்வதை அடையாளம் காண்பது கடினமல்ல. "நான் என்றால் இந்த மாத்திரை கொடுப்பேன்" என்ற பேச்சு பெருகும். அல்லது வழிநடத்துபவரே கோட்பாட்டு விரிவுரை ஆற்றத் தொடங்குவார். எல்லாரும் பேசியவரைத் தேற்றிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான்; நோயாளி மறந்துபோவார்.

ஓரிரு கூட்டங்களில் பலன் தெரியாது. உறுப்பினர்கள் மாறாமல், மாதக்கணக்கில், முடிந்தால் ஆண்டுக்கணக்கில் கூட வேண்டும். மருத்துவரின் மனச்சோர்வு இதனால் எவ்வளவு குறைகிறது என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்று இன்னும் குறைவே. கடும் மனச்சோர்வில் இருக்கும் மருத்துவருக்குத் தனிச் சிகிச்சைதான் தேவை. அதற்குப் பதிலாக இந்தக் குழுவை நம்பக் கூடாது.