ஐந்து பேரைக் கேட்டால் போதுமா?

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கணினியைக் கொண்டுபோய் வைப்பதற்கு முன், மக்களுக்கு என்ன தகவல் தேவை, இப்போது அதை யாரிடம் கேட்டுக்கொள்கிறார்கள் என்று ஊர்களில் விசாரித்தார்கள். கடைக்காரர், சந்தை, அக்கம்பக்கம் என்பதுதான் பெரும்பாலும் பதில். வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது கடல் நிலவரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை வில்லியனூரில் எடுத்துத் தமிழில் அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் அது ஒலிபெருக்கியில் ஒலித்தது. மீனவர் கணினியைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.

அது பெரிய விசாரணை. இப்படி ஒரு சேவையைத் தொடங்க நினைக்கும், கையில் காசில்லாத ஒருவர் ஐந்து பேரிடம் மட்டும் பேசினால் என்ன தெரியும்? ஒரு சிக்கல் ஊரில் பத்தில் மூன்று பேருக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் அது தென்படாமல் போகும் வாய்ப்பு 0.7. ஐந்து பேரிடமும் தென்படாமல் போக 0.7-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும்: சுமார் 0.17. அதாவது ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பில் அது யார் வாயிலாவது வந்துவிடும். பாதிப் பேருக்கு இருக்கும் சிக்கல் என்றால் 97 சதவீதம். ஆனால் ஐவரும் ஒரே தெருக்காரர், ஒரே சங்கத்தார் என்றால் இந்தக் கணக்கு செல்லாது; ஒருவரையே ஐந்து முறை கேட்டதுபோல் ஆகிவிடும். எத்தனை பேருக்குச் சிக்கல் என்பதையும் ஐவரால் சொல்ல முடியாது. இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்வார்கள்.

எண்ணிக்கையைவிடக் கேள்வியில்தான் அதிகம் கோட்டைவிடுகிறோம். பாகூர் பக்கம் நெல் விலையைக் கைபேசியில் தரும் சேவை ஒன்றை யோசிக்கிறீர்கள். “இப்படி வந்தால் நல்லா இருக்குமா?” என்று கேட்டால், வீடு தேடி வந்தவரிடம் யார் இல்லை என்பார்? “போன அறுவடையை யாருக்குப் போட்டீங்க? விலை எப்பத் தெரிஞ்சது?” என்று கேளுங்கள். “வெதைக்கவே வியாபாரிகிட்டதான் முன்பணம் வாங்கியிருந்தேன், வேற யாருக்குப் போடறது?” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு விலை தெரிந்தும் பயனில்லை. அவர் சிக்கல் கடன். இரண்டு மூன்று பேர் இதையே சொன்னால் செயலியை எழுத வேண்டாம். வேறொருவர் விலை விசாரிக்க வேலையை விட்டுப் பேருந்தேறிப் போய்வந்ததாகச் சொன்னால் அது வேறு கதை: ஏற்கெனவே காசும் நேரமும் செலவழித்திருக்கிறார்.

வில்லியனூர்த் திட்டத்திலும் வாய்ச் சம்மதத்தோடு நிற்கவில்லை. மையத்துக்கு இடமும் மின்சாரமும் ஊர்தான் தரவேண்டும் என்றார்கள். எம்பலம் கிராமத்தில் கோவில் வளாகத்திலேயே இடம் கொடுத்தார்கள்.