சேமிப்பில் கைவைக்கும் வங்கி

ஒருவர் தனிநபர் கடனில் 8,000 ரூபாய் வீதம் இரண்டு தவணை கட்டவில்லை. அதே வங்கியில் அவருடைய சேமிப்புக் கணக்கில் 50,000 ரூபாய் இருக்கிறது. நிலுவையான 16,000 ரூபாயை வங்கி அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ‘செட் ஆஃப்’ எனப்படும் உரிமை இது. கடன் ஒப்பந்தத்திலும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

ஆனால், இந்த உரிமைக்கு எல்லை உண்டு. கெடு வராத தவணைகளுக்காகப் பணம் எடுக்க முடியாது. முழுக் கடனையும் திருப்பிக் கேட்டு வங்கி அறிவிப்பு அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. கடனாளியும் கணக்கின் உரிமையாளரும் ஒருவராகவே இருக்க வேண்டும். கணவர் மட்டும் வாங்கிய கடனுக்கு, மனைவியோடு சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கில், மனைவியின் சம்மதமின்றிப் பொதுவாகக் கைவைக்க முடியாது.

தவறாக எடுத்திருந்தால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.