வாசலில் காத்திருக்கும் வரி

லண்டனில் கைவினைப் பொருள் விற்கும் ஒரு சின்னக் கடை, காரைக்குடிப் பக்கத்திலிருந்து பனையோலைக் கொட்டான் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு சேர்ந்தது ஒரு செட். ஒரு செட் 27 பவுண்டு, பத்து செட் ஆர்டர், ஆக 270 பவுண்டு. கூரியர் செலவு 70 பவுண்டையும் கடைக்காரரே கொடுத்துவிட்டார். பார்சல் பத்திரமாக லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் கூரியர்காரர் பெட்டியைக் கொடுக்கவில்லை. இன்னும் 80 பவுண்டு கட்டினால்தான் கொடுப்பேன் என்கிறார்.

அந்த 80 பவுண்டு எங்கிருந்து வந்தது? பிரிட்டனுக்குள் வரும் பெரும்பாலான பொருளுக்கு 20 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி உண்டு. அதைப் பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பிய செலவையும் சேர்த்துத்தான் கணக்கிடுவார்கள். 270-உம் 70-உம் சேர்ந்து 340. அதில் 20 சதவீதம் 68 பவுண்டு. சுங்க வரி தனி, அது பொருளின் குறியீட்டைப் பொறுத்தது. இங்கே அது இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், வரியை முன்கூட்டிக் கட்டி மாலை வெளியே எடுத்ததற்காக கூரியர் நிறுவனம் ஒரு கையாளும் கட்டணம் வாங்கும். அது 12 பவுண்டு என்று போட்டால் கணக்கு 80-இல் வந்து நிற்கிறது.

கடைக்காரர் மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவு செய்தவராக இருந்தால் அந்த 68 பவுண்டைத் தன் வரிக் கணக்கில் திரும்பப் பெற்றுக்கொள்வார். பதிவு இல்லாதவருக்கு அது கைநஷ்டம். ஒரு செட்டுக்கு ஏறக்குறைய 7 பவுண்டு கூடிவிட்டது, அந்த விலைக்கு அவர் ஆர்டரே கொடுத்திருக்க மாட்டார். கைவினைப் பொருள் ஏற்றுமதியில் பார்சல் காணாமல் போவதைவிட வாங்குபவர் வாசலில் இப்படி முறைத்துக்கொண்டு நிற்பதுதான் அதிகம். இதைத் தடுக்க விலை சொல்லும்போதே ஒரு வரி எழுதினால் போதும். அதற்கு முன்னால் பார்சல் நம் ஊரை விட்டு எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்துவிடலாம்.

வணிகமாக வெளிநாட்டுக்கு அனுப்ப முதலில் வேண்டியது ஐ.இ.சி. எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு. வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். உங்கள் பான் எண்தான் அந்தக் குறியீடும். வாங்கியதோடு விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் வரை உள்ளே போய் விவரங்கள் சரிதான் என்று உறுதி செய்யவேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். இதை மறந்து குறியீடு முடங்கிக் கிடப்பதைப் பலர் பார்சல் கட்டிய பிறகே கண்டுபிடிக்கிறார்கள். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் உறுதிமொழிக் கடிதம் ஒன்றை இணையத்திலேயே தாக்கல் செய்துவிட்டால் ஏற்றுமதிக்கு வரி கட்டாமல் அனுப்பலாம்.

அடுத்தது சுங்கப் படிவம். அஞ்சலில் அனுப்பினால் அஞ்சல் ஏற்றுமதிப் பில்லும், பெட்டியின் மேல் ஒட்டும் சி.என். 22 அல்லது சி.என். 23 படிவமும் வேண்டும். சிறிய பொட்டலத்துக்கு 22, எடையும் மதிப்பும் கூடினால் 23. இந்தப் பில்லை இப்போது இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். உதவிக்கென்றே பல ஊர்களின் அஞ்சலகங்களில் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற மையங்கள் இருக்கின்றன. கூரியரில் அனுப்பினால் இதே வேலையை கூரியர் ஷிப்பிங் பில் செய்கிறது. அதில் மாதிரிக்கும் பரிசுக்கும் ஒரு வகை, வணிகச் சரக்குக்கு வேறொரு வகை. விற்ற பொருளை மாதிரி என்ற வகையில் அனுப்பிவிடலாம் என்று கூரியர் கவுண்டரில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வங்கிக்கு வந்த பணத்துக்கும் போன சரக்குக்கும் காகிதத்தில் தொடர்பே இல்லாமல் போய்விடும்.

படிவம் எதுவானாலும் அதன் உயிர் மூன்று இடங்களில் இருக்கிறது: பொருள் விவரம், குறியீடு, மதிப்பு.

விவரத்தில் வெறுமனே ‘கைவினைப் பொருள்’ என்று எழுதினால் அந்தப் பக்கத்துச் சுங்க அதிகாரிக்கு எதுவும் புரியாது. புரியாத பெட்டியைத்தான் அவர் ஓரமாக எடுத்து வைப்பார். ‘பனையோலையில் கையால் பின்னிய கூடை, புதியது, வீட்டு உபயோகத்துக்கு, 30 எண்ணம், இந்தியாவில் செய்தது’ என்று எழுதினால் பெட்டியைத் திறக்காமலே அவருக்கு விஷயம் தெரிந்துவிடும். குறியீடு என்பது உலகம் முழுக்கப் பொதுவான ஆறு இலக்க எண். தாவர நாரில் பின்னிய கூடைகள் 4602 என்ற தலைப்பில் வருகின்றன. அதில் மூங்கிலுக்கு 460211, பிரம்புக்கு 460212, ஓலை போன்ற மற்றவற்றுக்கு 460219. ஆறு இலக்கத்துக்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் இலக்கங்களைச் சேர்த்துக்கொள்ளும். அந்த எண்ணை வைத்துத்தான் சுங்க வரி விகிதத்தைப் பார்க்கிறார்கள்; விற்கும் முன்பே அந்த நாட்டு அரசின் தளத்தில் நீங்களும் பார்த்துவிடலாம்.

மதிப்பில்தான் சபலம் வருகிறது. “பரிசு என்று போட்டு 30 பவுண்டு என்று எழுதிவிடுங்கள்” என்று வாங்குபவரே கேட்பார். பிரிட்டனில் 39 பவுண்டு வரையுள்ள பரிசுக்கு வரி கிடையாது என்பது உண்மைதான். ஆனால் அது ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பும் பொருளுக்கு. விற்ற பொருளுக்கு அல்ல. பெட்டி நசுங்கினாலோ தொலைந்தாலோ, எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கேட்க முடியாது. பொய்யான படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள், அவர் அல்ல. மறுத்துவிடுங்கள், சண்டை போடாமல்.

இனி அனுப்பும் வழி. கொட்டானுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் கூரியர் நிறுவனங்கள் எடையோடு இடத்தையும் அளக்கின்றன. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வரும் எண்ணை கிலோவாக வைத்துக்கொண்டு, அதுவும் உண்மை எடையும் எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நம் முப்பது கொட்டானும் பெட்டியோடு சேர்ந்து நாலரைக் கிலோதான் இருக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அடுக்கி 60, 45, 40 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் கணக்கு 21.6 கிலோ ஆகிவிடும். சிறியதை நடுத்தரத்துக்குள்ளும், அதைப் பெரியதுக்குள்ளும் வைத்து, செட்டுகளை ஒன்றின் வாய்க்குள் ஒன்றாகச் செருகி 45, 30, 30 பெட்டிக்குள் அடக்கினால் 8.1 கிலோ. அதே சரக்கு, அதே ஊர், கட்டணம் மட்டும் பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. பின்னும்போதே ஒன்றுக்குள் ஒன்று போகும்படி அளவு வைப்பது இதனால்தான் லாபம். மூடியும் கைப்பிடியும் வைத்த கூடைக்கு இந்த வித்தை பலிக்காது. அதன் விலையில் காற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

அஞ்சல் பொதுவாக மலிவு, ஆனால் மெதுவாகப் போகும். ஒன்றிரண்டு செட் கேட்கும் தனிநபருக்கு அது சரி. பெட்டிகள் பத்து இருபது என்று பெருகினால் விமான சரக்கும், அதற்கும் மேலே போனால் கப்பலும். கப்பலில் மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து கன மீட்டர் கணக்கில் அனுப்பலாம். இடத்தை அடைக்கும் எடையில்லாப் பொருளுக்கு அதுதான் கட்டுபடியாகும். வாரக்கணக்கில் ஈரக்காற்றில் கிடக்கும் ஓலையில் பூஞ்சை பூக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. சாயம் போட்ட ஓலை நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டியை மூடவேண்டும், ஈரம் உறிஞ்சும் பைகளையும் உள்ளே போடவேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்த நாட்டு உயிரிப் பாதுகாப்பு அதிகாரிகள் தாவரப் பொருள் எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். உயிருள்ள பூச்சி, விதை, மண் ஒட்டியிருந்தால் சிகிச்சை, திருப்பி அனுப்புதல், அழித்தல் என்று ஏதாவது ஒன்று நடக்கும். வைக்கோலை இட்டுப் பெட்டி கட்டும் நம் வழக்கம் அங்கே செல்லாது. கசக்கிய காகிதம் போதும்.

அமெரிக்காவுக்கு ஒரு காலத்தில் 800 டாலர் வரை வரியே இல்லாமல் பார்சல் போனது. 2025 ஆகஸ்ட் 29-இல் அந்தச் சலுகை எல்லா நாடுகளுக்கும் நின்றது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்கப் பார்சலை நிறுத்தி, அக்டோபர் நடுவில், வரியை அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கும் முறையோடு திரும்பத் தொடங்கியது. அப்போது விகிதம் 50 சதவீதம். இந்த விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை. போன ஆர்டருக்குப் போட்ட கணக்கை இந்த ஆர்டருக்கு எடுத்துப் போடாதீர்கள். விலை சொல்லும் வாரத்தில் அஞ்சலகத்திலோ கூரியரிலோ கேட்டுவிடுங்கள்.

இப்போது வாங்குபவருக்கு எழுதவேண்டிய அந்த ஒரு வரி. வரியை யார் கட்டுவது என்பதற்கு இரண்டு முறைதான் உண்டு. பொருள் போய்ச் சேரும் வரை உங்கள் செலவு, வரி அவர் செலவு என்பது டி.ஏ.பி.; வரியையும் நீங்களே கட்டி முடித்துக் கொடுப்பது டி.டி.பி. கடைகளுக்கு முதல் முறை ஒத்துவரும், அவர்களுக்கு இறக்குமதி பழக்கம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் தனிநபருக்கு இரண்டாவதுதான் நிம்மதி. அவர் வரித் தொகையோடு சேர்த்து ஒரே விலையாகப் பார்த்துவிடுகிறார். பிரிட்டனுக்கு 135 பவுண்டு வரையான தனிநபர் விற்பனையில் மதிப்புக்கூட்டு வரியை விற்பவரே வாங்கி அங்கே கட்டவேண்டும் என்பது சட்டம். இணையச் சந்தை வழியாக விற்றால் அந்த வேலையைச் சந்தையே செய்துவிடும். மாதம் நாலைந்து கூடை விற்கிறவர் இதற்காக லண்டனில் வரிப் பதிவு எடுத்துக்கொண்டு அலைவதைவிட அந்தச் சந்தைக்குக் கமிஷன் கொடுப்பதே மேல் என்பது என் எண்ணம்.

கடைக்காரருக்கு எழுதும் கடிதம் இப்படி இருந்தால் போதும்: “விலையில் உங்கள் நாட்டு வரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் சேரவில்லை. பொருள், அனுப்பும் செலவு இரண்டின் மேலும் சுமார் 20 சதவீதம் உங்களிடம் கேட்பார்கள். பின்னி முடிக்க மூன்று வாரம், பயணம் ஒரு வாரம். சுங்கத்தில் தங்கும் நாள் எங்கள் கையில் இல்லை. கையால் பின்னுவதால் அளவில் ஒரு சென்டிமீட்டர் வரை கூடக் குறைய இருக்கும், சாயம் ஒவ்வொரு தொகுதிக்கும் சற்று மாறும். தண்ணீரில் கழுவ வேண்டாம்.” பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் இதோடு சேர்த்து அனுப்பி, ‘சரி’ என்று எழுத்தில் பதில் வந்த பிறகு பணம் வாங்குங்கள். ஒன்றிரண்டு பேர் இதைப் படித்துவிட்டு விலகிப்போவார்கள். பெட்டி வாசலுக்கு வந்த பிறகு விலகுவதைவிட அது எவ்வளவோ தேவலை.

இத்தனைக்குப் பிறகும் சில பெட்டிகள் மறுக்கப்படும். அப்போது கூரியர் நிறுவனம் உங்களிடம்தான் கேட்கும்: திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா? திரும்பி வரும் செலவு உங்கள் தலையில். சில சமயம் சரக்கின் விலையைவிட அது அதிகம். அப்போது அழிக்கச் சொல்வதுதான் கணக்குக்குச் சரி. திரும்ப வரவழைத்தால், இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று நிரூபித்து இறக்குமதி வரியிலிருந்து விலக்குக் கேட்கலாம். பொதுவாக ஏற்றுமதியான மூன்று ஆண்டுக்குள் திரும்பியிருக்கவேண்டும். நிரூபிக்க ஷிப்பிங் பில் அல்லது அஞ்சல் ஏற்றுமதிப் பில்லும் இன்வாய்ஸும் வேண்டும். பணம் வந்துவிட்டது என்று அந்தக் காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.