நண்டுக் கூடையும் பரிசுப் பதிவேடும்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து வந்து எங்களிடம் சிகிச்சை பெற்ற ஒரு மீனவப் பெரியவர் வீடு திரும்பிய நாளன்று, அவருடைய மகன் ஒரு கூடை நிறைய ஏரி நண்டுகளுடன் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். நன்றி கூறி அதைத் திருப்பிக் கொடுத்தோம். அவருக்கு முகம் வாடிற்று. அடுத்த படுக்கையில் இருப்பவர், தாமும் ஏதேனும் கொடுத்தால்தான் நல்ல கவனிப்புக் கிடைக்குமோ என்று எண்ணிவிடக் கூடாதே என்பதுதான் எங்கள் அச்சம். வாங்காத அந்தக் கூடையையும் அன்று மாலையே பதிவேட்டில் எழுதினோம். மறுத்த பரிசையும் எழுதவேண்டும் என்பது எங்கள் விதி. யார் எதைக் கொடுக்க முன்வருகிறார்கள் என்பதும் தெரிய வேண்டும் அல்லவா?

நோயாளிகளின் அன்பளிப்பைவிட மருந்து நிறுவனங்களின் அன்பளிப்பே பெரிய கவலை. இந்திய மருத்துவக் கழகம் 2009ஆம் ஆண்டு டிசம்பரில் தன் நெறிமுறைகளைத் திருத்தி, மருத்துவர் அந்நிறுவனங்களிடமிருந்து பரிசோ பயணச் செலவோ விருந்தோம்பலோ பெறுவதைத் தடை செய்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசுகளுக்குத் தண்டனையைப் படிப்படியாக வகுத்தது. தண்டனை தொடங்கும் அந்த எல்லையை, அதுவரை வாங்கலாம் என்ற அனுமதியாகச் சிலர் பிழையாகக் கொள்வதுண்டு. நிறுவனங்களுக்கென 2024 மார்ச்சில் வந்த நடத்தை விதி, நூல், நாட்குறிப்பு போன்றவற்றைப் பொருளொன்றுக்கு 1,000 ரூபாய்க்குள் கொடுக்க இடமளிக்கிறது.

‘பொருளொன்றுக்கு’ என்ற சொல்லில்தான் சிக்கல். ஒரு மருத்துவர் ஓராண்டில் 900 ரூபாய் நாட்குறிப்பு, 950 ரூபாய் நூல், 800 ரூபாய் உடலுறுப்பு மாதிரி ஆகியவற்றைப் பெற்றதாக வைத்துக்கொள்வோம். தனித்தனியே எதுவும் வரம்பைத் தாண்டவில்லை. கூட்டினால் 2,650 ரூபாய். கொடுத்தவர் பெயர் ஓரிடத்தில் நிறுவனமாகவும், மற்றோரிடத்தில் அதன் விநியோகஸ்தராகவும், வேறோரிடத்தில் பிரதிநிதியாகவும் எழுதப்பட்டிருந்தால் இந்தக் கூட்டல் நடக்கவே நடக்காது. ஆகவே முதலில் மூன்று பெயர்களையும் ஒரே நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவருகிறோம். பிறகு, ஒரு பொருள் வரம்பைத் தாண்டினால் ஒரு நிறமும், ஆண்டுக் கூட்டுத்தொகை தாண்டினால் மற்றொரு நிறமும் இடுகிறோம். விருந்தோம்பலுக்கு வரம்பே சுழியம். ஒரு வேளை உணவானாலும் நிறம் பெறும்.

முன்பு பரிசுப் படிவங்கள் துறை அலுவலகத்திலும், மாநாட்டுக் கடிதங்கள் நிர்வாகத்திலும், நலன் முரண் அறிவிப்புகள் நெறிமுறைக் குழுவிடமும் தனித்தனிக் கோப்புகளில் கிடந்தன. ஒவ்வொன்றும் தனியே பார்க்கக் குற்றமற்றதாகவே தோன்றும். ஒரே பதிவேட்டில் சேர்த்த பிறகே, அந்த 2,650 ரூபாய்க்கு உரியவர் மருந்துத் தேர்வுக் குழுவிலும் இருக்கிறார் என்பது கண்ணில் படும். அவ்வாறானால், அந்நிறுவனத்தின் மருந்து விவாதத்துக்கு வரும்போது அவர் எழுந்து வெளியே செல்லவேண்டும்.

எங்களை முதலில் ஏமாற்றியவை வெற்றுக் கட்டங்கள். மதிப்பு எழுதப்படாத பதிவைக் கணினி சுழியமாகக் கொண்டு, நிறமிடாமல் விட்டுவிட்டது. இப்போது வெற்றுக் கட்டத்துக்கும் நிறம் உண்டு. அறிவிக்கப்படாததைப் பதிவேடு அறியாது; எனவே மாநாட்டு விடுப்பு விண்ணப்பங்களோடும் நிறுவனப் பிரதிநிதிகளின் வருகைக் குறிப்போடும் காலாண்டுக்கு ஒருமுறை ஒப்பிடுகிறோம்.

நண்டுக் கூடையும் நிறம் பெற்றது. நோயாளிகளிடமிருந்து பெறுவதற்கு எங்கள் வரம்பு 500 ரூபாய். அன்றைய சந்தை விலை அதைத் தாண்டியிருந்தது. எதிரே ‘திருப்பித் தரப்பட்டது’ என்று எழுதியிருக்கிறோம்.