பத்து லட்சத்தை எதில் போடுவது?

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தும் ஒருவரிடம் 10 லட்சம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, கூடுதலாக ஒரு செக்கு வாங்கி, மற்றவர்களின் கொப்பரையைக் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது. மற்றொன்று, பாட்டில் நிரப்பும் இயந்திரம் வாங்கித் தன் சொந்தப் பெயரில் எண்ணெய் விற்பது. பி.காம். நிதி மேலாண்மை வகுப்பில் வரும் கணக்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

கூலி ஆட்டத்தில் பணம் உடனே வரும். பிறகு அக்கம்பக்கத்தில் புதிய செக்குகள் வந்துவிடும், வரும்படி தேயும். ஆகவே நான்கு ஆண்டுகளில் கைக்கு வருவது 6, 4, 2, 1 லட்சம். சொந்தப் பெயர் விற்பனை இதற்கு நேர்மாறு. கடைக்காரர்கள் நம்பி வாங்கி வைக்கவே நாளாகும். அதில் 1, 3, 4, 7 லட்சம். நான்காம் ஆண்டு முடிவில் இரண்டு இயந்திரங்களுக்கும் விலை இல்லை என்று கொள்வோம்.

போட்ட பணம் எப்போது திரும்பும் என்பதுதான் வியாபாரி முதலில் கேட்கும் கேள்வி. செக்கில் 6-ம் 4-ம் சேர்ந்தால் 10. சரியாக 2 ஆண்டு. பாட்டிலில் மூன்று ஆண்டு முடிந்தும் 8 லட்சம்தான் வந்திருக்கும். மீதி 2 லட்சம் நான்காம் ஆண்டின் 7 லட்சத்திலிருந்து வர வேண்டும். 2-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை மாதம். ஆக 3 ஆண்டு, மூன்றரை மாதம். இந்தக் கணக்கில் செக்குதான் ஜெயிக்கிறது.

ஆனால் முதல் திரும்பிய பிறகு என்ன வருகிறது என்பதை இந்த முறை பார்ப்பதே இல்லை. நான்காம் ஆண்டில் பாட்டில் 7 லட்சத்துக்குப் பதில் 70 லட்சம் தந்தாலும் செக்குதான் முந்தும். இன்னொரு குறை, அடுத்த ஆண்டு வரும் ரூபாயையும் மூன்று ஆண்டு கழித்து வரும் ரூபாயையும் ஒரே விலையாக எண்ணுவது.

நிகர நிகழ்கால மதிப்பு இந்த இரண்டையும் சரிசெய்கிறது. இதே பணத்தை வேறிடத்தில் போட்டால் ஆண்டுக்கு 10 சதவீதம் கிடைக்கும் என்றால், ஓர் ஆண்டு கழித்து வரும் 1 ரூபாய் இன்றைக்கு 91 காசு, இரண்டு ஆண்டு என்றால் 83 காசு, மூன்றுக்கு 75, நான்குக்கு 68. ஒவ்வோர் ஆண்டு வரவையும் அதற்குரிய காசால் பெருக்கிக் கூட்டி, போட்ட 10 லட்சத்தைக் கழிக்க வேண்டும். காசை முழுமையாக்காமல் கணக்கிட்டால் செக்குக்குச் சுமார் 95 ஆயிரம் ரூபாய் மிஞ்சும். பாட்டிலுக்குச் சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். தீர்ப்பு மாறிவிட்டது.

பல மாணவர்கள் இந்த இடத்தில் விடையை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். கணக்கின் உயிர் அந்த 10 சதவீதத்தில் இருக்கிறது. அதை 12 ஆக்கினால் செக்குக்கு 60 ஆயிரம், பாட்டிலுக்கு 58 ஆயிரம், ஏறக்குறைய சமம். 15 ஆக்கினால் செக்கில் சுமார் 13 ஆயிரம் மிஞ்சும், பாட்டிலில் 23 ஆயிரம் நஷ்டம். தூரத்தில் இருக்கும் பெரிய வரவைத்தான் வட்டி அதிகமாகத் தின்கிறது. பாட்டிலின் பலமே நான்காம் ஆண்டின் 7 லட்சம் என்பதால் வீதம் ஏற ஏற அதற்குத்தான் அடி பலமாக விழும். திரும்பும் காலமோ எந்த வீதத்திலும் அதே 2 ஆண்டுதான்.

வரவை எழுதும்போது அடிக்கடி நேரும் பிழை ஒன்றும் உண்டு. ஆண்டு வரவிலிருந்து வங்கி வட்டியைக் கழித்துவிட்டு, மறுபடி 10 சதவீதத்தில் தள்ளுபடி செய்கிறார்கள். அந்த 10 சதவீதத்திலேயே வட்டிச் செலவு அடங்கியிருப்பதால் ஒரே செலவு இரண்டு முறை கழிந்துபோகிறது. நல்ல திட்டமும் நஷ்டமாகத் தெரிகிறது. தேய்மானத்தையும் இப்படிக் கழிக்கக் கூடாது. அது ஏட்டில் எழுதும் செலவு, கையை விட்டுப் போகும் பணமல்ல. வருமான வரியைக் குறைக்கும் அளவுக்கு மட்டும் அதற்குக் கணக்கில் இடம் உண்டு.

அப்படியானால் திரும்பும் காலத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. ஆலைக்காரருக்கு மூன்றாம் ஆண்டில் மகள் கல்யாணமோ கடன் தவணையோ இருந்தால், நான்காம் ஆண்டின் 7 லட்சம் அவரைக் காப்பாற்றாது. எது லாபம் என்பதை நிகழ்கால மதிப்பிடமும், அதுவரை தாக்குப்பிடிக்க முடியுமா என்பதைத் திரும்பும் காலத்திடமும் கேட்க வேண்டும். தேர்விலும் கடையிலும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். விடைக்குக் கீழே, எந்த வீதத்தில் அது தலைகீழாகிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். இந்தக் கணக்கில் அது 12 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே.