பட்டம் கிடைத்த பிறகு வரும் பில்

ஸ்பாட்டிஃபையின் மாணவர் திட்டம் வழக்கமான திட்டத்தைவிட மலிவானது. கல்லூரி முடிந்த அன்றே அந்தச் சலுகை நின்றுவிடாது. மாணவர் என்று கடைசியாகச் சரிபார்த்த நாளிலிருந்து 12 மாதம் ஓடும். ஒரு மாணவி ஜூலை 10 அன்று சரிபார்த்து, அடுத்த ஏப்ரலில் படிப்பை முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூலை வரை பழைய விலைதான். அதன்பின் கணக்கு மூடப்படாது, முழு விலைக்குத் தானாக மாறிவிடும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இந்தியாவில் தானியங்கிப் பணம் எடுப்பதற்கு ஒரு நாள் முன்பே எஸ்எம்எஸ்ஸோ மின்னஞ்சலோ வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் உள்ள தொகையைப் படித்தாலே மாற்றம் தெரிந்துவிடும். ஆனால் நாம் எங்கே அதையெல்லாம் படிக்கிறோம்!

தொடர விருப்பமில்லை என்றால் ஜூலைக்கு முன்பே ரத்து செய்யலாம். கட்டிய காலம் முடியும்வரை சேவை இருக்கும், பிறகு விளம்பரத்தோடு கூடிய இலவசக் கணக்காகிவிடும். பாடல் பட்டியல்கள் அப்படியே இருக்கும். இணையமில்லாமல் கேட்கப் பதிவிறக்கிய பாடல்கள் மட்டும் போய்விடும்.

கணக்கைக் கல்லூரி மின்னஞ்சலில் தொடங்கியவர்கள் அதை முதலில் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கல்லூரி அந்த முகவரியை முடக்கிவிட்டால், கடவுச்சொல்லை மறந்தவருக்கு அதைப் புதுப்பிக்கும் கடிதம்கூட வந்து சேராது.