இருட்டுக் காட்சியில் ஓஎல்இடி டிவி மினுக்குகிறதா? பேனலை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

ஓஎல்இடி டிவியில் கேம் ஆடுபவர்கள் பலரும் சொல்லும் புகார் இது. குகை, இரவுத் தெரு, லோடிங் திரை போன்ற இருண்ட இடங்கள் வந்தால் கறுப்பாக இருக்க வேண்டிய நிழல் சாம்பல் பூசியதுபோல் வெளுக்கிறது. சில நேரம் திரை முழுக்க மெல்லிய வெளிச்சம் விட்டுவிட்டு அடிக்கிறது. பகல் காட்சி வந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. இதைப் பேனல் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, வாரன்டி முடிந்த டிவிக்குப் பெரிய தொகை கொடுத்துப் பேனல் மாற்றத் துணிபவர்கள் உண்டு. பல நேரங்களில் அந்தச் செலவு தேவையே இல்லை. பணம் கொடுக்கும் முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் இருக்கின்றன.

முதலில் காரணத்தைப் புரிந்துகொள்வோம். ஓஎல்இடியில் பின்விளக்கு கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தனக்கு வரும் மின்னோட்டத்துக்கு ஏற்பத் தானே ஒளிர்கிறது. மின்னோட்டம் நின்றால் முழுக் கறுப்பு, அதில் பிரச்சினை இல்லை. தொல்லை அதற்கு அடுத்த படியில்தான். மிகச் சிறிய மின்னோட்டத்தைத் துல்லியமாகப் பிடித்து வைப்பது கடினம். பழைய ஃபேன் ரெகுலேட்டரில் கடைசிப் புள்ளியில் வைத்தால் விசிறி ஒரு நேரம் சுற்றும், ஒரு நேரம் நிற்கும் அல்லவா, அதே நிலைதான் இங்கும்.

தொழிற்சாலையில் இந்த மங்கல் படிகளை ஒரு நிலையான வேகத்துக்கு, பொதுவாக நொடிக்கு 120 முறை திரை புதுப்பிக்கப்படுவதற்கு, ஏற்ப அமைத்து அனுப்புகிறார்கள். அந்த வேகத்தில் ஒரு பிரேம் சுமார் 8.3 மில்லிநொடி நிற்கும். கேம் கன்சோலில் விஆர்ஆர் வசதியை இயக்கினால் கேம் தரும் வேகத்துக்குத் தக்கபடி திரையின் வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். நொடிக்கு 48 பிரேம் ஆகும்போது ஒரு பிரேம் சுமார் 20.8 மில்லிநொடி நிற்கிறது. அந்த நீளத்துக்கு அமைக்கப்படாத மங்கல் படிகள் கொஞ்சம் கூடுதலாக ஒளிர்கின்றன. அதுதான் வெளுத்த நிழல். வேகம் சட்டென்று ஏறி இறங்கினால் அந்த ஒளியும் கூடவே ஏறி இறங்கும். அதுதான் மினுக்கல். லோடிங் திரையில் இது அதிகம் தெரிவதற்கும் காரணம் இதுவே. அங்கே பிரேம் வேகம் நிலையாக நிற்பதில்லை.

இப்போது சோதனை. அறை விளக்கை அணைத்துவிட்டு, கன்சோலிலிருந்தே முழுக் கறுப்பான ஒரு படத்தைத் திரையில் நிறுத்துங்கள். டிவி அணைந்திருப்பதுபோல் இருந்தால் நல்லது. சாம்பலாகத் தெரிந்தால் அது காமா சமாச்சாரம் அல்ல. கன்சோல் ஒரு வகைச் சிக்னல் அனுப்ப, டிவி அதை இன்னொரு வகையாகப் படிக்கிறது. கன்சோலில் RGB Range, டிவியில் Black Level என்று இருக்கும் அமைப்புகள் இரண்டையும் தானியங்கியில் வையுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

கறுப்பு சரியாக இருந்தால் அடுத்த படி. மினுக்கல் நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் கேமைச் சேமித்துக்கொள்ளுங்கள். அங்கேயே நின்று பாருங்கள். பிறகு கன்சோலின் வீடியோ அமைப்பில் விஆர்ஆரை அணைத்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புங்கள். மினுக்கல் நின்று நிழலும் கறுத்துவிட்டதா? அப்படியானால் பேனல் கெடவில்லை, காரணம் விஆர்ஆர்தான். விஆர்ஆர் வேண்டும் என்பவர்கள் அதைத் திரும்ப இயக்கி, டிவியின் கேம் அமைப்புக்குப் போகலாம். எல்ஜி டிவிகளில் Game Optimizer பட்டியலுக்குள் Fine Tune Dark Areas என்றொரு அளவு உண்டு. இந்தத் தொல்லைக்காகவே சேர்க்கப்பட்டது அது. ஒவ்வொரு புள்ளியாகக் குறைத்து, குகைச் சுவர் வெளுப்பை இழக்கும் இடத்தில் நிறுத்துங்கள். சுவரின் கல் வரிகளும் சேர்ந்து மறைந்தால் கூடுதலாகக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள், ஒரு புள்ளி மேலே ஏற்றுங்கள். இந்த அமைப்பு வெளுப்பைத்தான் அடக்கும். வேகம் தாறுமாறாகத் துள்ளும் கேமில் மினுக்கலை முழுதாக நிறுத்தாது. அங்கே கேமின் நிலையான 60 பிரேம் முறையைத் தேர்ந்தெடுத்து விஆர்ஆரை அணைப்பதே நிம்மதி.

சாதாரண, அதாவது எச்டிஆர் அல்லாத படங்களில் நிழல் வெளுப்பாகத் தெரிந்தால் படத்துக்கான காமா அமைப்பைப் பாருங்கள். பல மாடல்களில் 2.2, 2.4, BT.1886 என்று தேர்வுகள் இருக்கும். உச்ச வெளிச்சம் 100 நிட் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 5 சதவீதச் சிக்னலுக்கு 2.2-இல் சுமார் 0.14 நிட் ஒளி வரும், 2.4-இல் சுமார் 0.075 நிட். ஏறக்குறையப் பாதி. 50 சதவீதச் சிக்னலிலோ 21.8 நிட் இருந்த இடத்தில் 19 நிட் ஆகிறது, அவ்வளவுதான். முகங்கள் பெரிதாக மங்காமல் நிழல் மட்டும் அடங்குவது இதனால்தான். கறுப்பு முழுப் பூஜ்யமாக இருக்கும் ஓஎல்இடியில் BT.1886-உம் 2.4-உம் கணக்கில் ஒன்றே. இருட்டறையில் 2.4, விளக்கு எரியும் கூடத்தில் 2.2 என்பது என் பரிந்துரை. எச்டிஆர் படங்களுக்கு வேறு வளைவு என்பதால் இந்தத் தேர்வு அங்கே பயன்படாது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். நிழல் விவரம் தெரியவில்லை என்று Brightness அளவை ஏற்றாதீர்கள். பல டிவிகளில் அது கறுப்பின் அடித்தளத்தையே தூக்கிவிடும். மினுக்கலை மறைக்க அதைத் தாழ்த்தினால் இருட்டில் உள்ள அத்தனையும் கறுப்பில் மூழ்கிவிடும். இணையத்தில் கிடைக்கும் ரகசியக் குறியீட்டை வைத்து சர்வீஸ் மெனுவுக்குள் நுழைவது இன்னும் ஆபத்து. மாற்றிய அளவுகளைப் பழையபடி கொண்டுவருவது கடினம், வாரன்டியும் சிக்கலாகலாம்.

விஆர்ஆர் இல்லாமல், டிவியில் உள்ள செயலியில் படம் பார்க்கும்போதே திரை மினுக்குகிறதா? நல்ல தரமுள்ள வேறொரு படத்திலும், வேறு செயலியிலும் அப்படியேதானா? அப்போது கோளாறு என்று சந்தேகிக்க நியாயம் உண்டு. இருட்டில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் நெளிவது மட்டும் பெரும்பாலும் ஸ்ட்ரீமிங்கின் சுருக்கத்தால் வருவது, டிவியின் குறை அல்ல. மொபைலில் ஆதாரம் எடுக்கும்போது வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டுப் படம் பிடியுங்கள். பூட்டாவிட்டால் மொபைல் தானே வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, இல்லாத மினுக்கலைக் காட்டும்.

இந்தியாவில் வாங்கிய டிவி என்றால், சர்வீஸ் ஆள் வந்து போகும்போது ஜாப் ஷீட்டில் "விஆர்ஆர் அணைத்தும், நிலையான வேகத்திலும் மினுக்கல் உள்ளது" என்று எழுதி வாங்குங்கள். பில், வாரன்டி அட்டை, வீடியோவோடு அதையும் வைத்திருங்கள். நிறுவனம் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். கடை வேறு ஊரில் இருந்தாலும் தடையில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். விஆர்ஆரை அணைத்ததும் நின்றுவிடும் மினுக்கலை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் வெல்வது கடினம். வாங்கிய புதிதிலேயே, கடையின் திருப்பி எடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், உங்கள் கன்சோலை இணைத்து இந்தச் சோதனைகளைச் செய்துவிடுவதுதான் நல்லது.